கட்டவே இல்லையாம், கொசுவத்திலிருந்து அட்சதை விழுகிறது

கட்டவே இல்லையாம். சும்மா தோளில் போட்டுக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தாராம், அவ்வளவுதானாம். இதைச் சொல்லிக்கொண்டே மதினி அந்தச் சேலையை உருவி என் மேஜையில் வைத்தது எதிலிருந்து தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பையிலிருந்து. மாப்பிள்ளை பெயர், பொண்ணு பெயர், முகூர்த்தத் தேதி எல்லாம் பச்சை எழுத்தில் அச்சடித்த மஞ்சள் பை. உள்ளே ஒரு வெற்றிலை வேறு ஒட்டிக்கொண்டிருந்தது.

துணிக்கடை வைத்திருக்கிறவர்களுக்கு மேற்கொண்டு நான் எதுவுமே சொல்ல வேண்டாம். இந்நேரம் உங்கள் பல் நறநறவென்று கடிபட்டிருக்கும். ஆனாலும் சொல்லப் போகிறேன். நேற்றிலிருந்து வயிறு எரிகிறது.

பாளையங்கோட்டையில் வீட்டு முன்னறையைத்தான் கடையாக்கி வைத்திருக்கிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி, ஒரு கண்ணாடி, இரண்டு டியூப் லைட். சனிக்கிழமை சாயங்காலம் மதினி வந்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, நாற்பது சேலையைப் பிரிக்க வைத்து, கடைசியில் முதலில் பார்த்த வாடாமல்லிக் கலர் சேலையையே எடுத்தார். இளம்பிள்ளை சாஃப்ட் சில்க், 2,450 ரூபாய். டியூப் லைட்டில் கலர் ஏமாற்றும் என்று நானே வாசல் வெயிலுக்குக் கூட்டிப் போய் விரித்துக் காட்டினேன். "நல்லா இருக்குட்டி, பொண்ணு மாதிரி இருக்கு"ன்னு கன்னத்தைத் தடவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை காலையில் வந்து, "வீட்டுக்காரவுகளுக்குக் கலர் பிடிக்கல, பாத்துக்க. துட்டைக் குடுத்துரு."

சரி என்று மடிப்பைப் பிரித்தேன். முதலில் வந்தது வாசனை. மல்லிகைப்பூ, சந்தனம், அதற்கு அடியில் லேசாகச் சாம்பார். புதுச்சேலைக்கு ஒரு கஞ்சி வாசனை உண்டு, மொடமொடவென்று மூக்கில் ஏறும். அது போன இடம் தெரியவில்லை. "மதினி, இதைக் கட்டின மாதிரி இருக்கே?"

"ஏட்டி, நான் கட்டவே இல்லங்கேன்."

இரண்டாவது மடிப்பைப் பிரித்தேன். மஞ்சள் தடவிய அரிசி மூன்று, டக் டக் டக் என்று கண்ணாடி மேஜையில் விழுந்தது. அட்சதை. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும். அப்புறம் மதினி ஒரு அரிசியை விரலில் ஒற்றி எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "ஒன் கடையில எலி கிலி கொண்டாந்து போட்டிருக்கும்."

எலி! மஞ்சள் தடவி, நல்ல நேரம் பார்த்து, சேலைக்குள் போட்டுவிட்டுப் போயிருக்கிறது!

அதற்குமேல் எனக்கும் வீம்பு வந்துவிட்டது. தோளில் வருகிற இடத்தை எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தேன். இதைப் புதிதாகக் கடை போடுகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். முந்தானை மடிப்பைத் தோளில் ஊக்கு குத்தாமல் யாரும் கல்யாணத்துக்குப் போவதில்லை. சாஃப்ட் சில்க்கில் ஊக்கு குத்தினால் ஓட்டை மூடாது, சுற்றியிருக்கிற இழை இழுபட்டு நிற்கும். மடிப்பு மடிப்பாகச் சேர்த்துக் குத்தியதால் விரிக்கும்போது அந்த ஓட்டை ஒரே வரிசையில், ஒரே இடைவெளியில் வரும். எண்ணினேன், ஏழு ஜோடி. ஏழு மடிப்பு எடுத்திருக்கிறார். நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்.

இடுப்பில் செருகுகிற தலைப்பைப் பார்த்தேன். பாவாடை நாடா இறுக்கின இடம் முழுக்கக் கசங்கல், இஸ்திரி போட்டும் போகாத கசங்கல், அதில் வியர்வை காய்ந்த கோடு. கீழ்க்கரையில் தரை உரசின கறுப்பு. இதையெல்லாம்கூட, "கடையில பத்து பேர் பிரிச்சுப் பாத்திருப்பாங்க" என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கீழ்க்கரையின் உள்பக்கம் சேலை நிறத்துக்குச் சம்பந்தமே இல்லாத வேறு கலர் நூல் ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஊசி போன ஓட்டை, கரையோடு வரிசையாக, ஏறக்குறைய இரண்டரை மீட்டருக்கு.

புரிகிறதா? ஃபால்ஸ் தைத்திருக்கிறார். தைத்து, கட்டி, கல்யாணத்துக்குப் போய், வந்து, ராத்திரி உட்கார்ந்து பிளேடு வைத்து ஃபால்ஸைப் பிரித்திருக்கிறார். இந்த உழைப்பை வேறு எதிலாவது போட்டிருந்தால் வீட்டுக்கொரு சேலை வாங்கியிருக்கலாம். பிளவுஸ் துண்டை மட்டும் வெட்டவில்லை. பழைய பச்சை ரவிக்கையைப் போட்டுச் சமாளித்திருக்கிறார்.

பச்சை ரவிக்கை என்று எனக்கு எப்படித் தெரியும் என்றா கேட்கிறீர்கள்? அந்தக் கல்யாணத்துக்கு எங்களுக்கும் பத்திரிகை உண்டு. கடையை அடைக்க முடியாமல் நான் போகவில்லை, என் வீட்டுக்காரர் மொய் எழுதப் போனார். பந்தியிலிருந்து ஒரு போட்டோ அனுப்பினார்: "நம்ம கடைச் சேலைதான, சூப்பரா இருக்கு." எதிர் வரிசையில் மதினி, வாடாமல்லிக் கலர் சேலை, பச்சை ரவிக்கை, இலையில் இரண்டாவது தடவை பாயசம். நானும் பெருமைப்பட்டு அதற்கு இதயம் எல்லாம் போட்டேன்.

போனை எடுத்துக் காட்டினேன். மதினி கண்ணாடியைத் தலையிலிருந்து மூக்குக்கு இறக்கி, படத்தைப் பெரிதாக்கி, நிதானமாகப் பார்த்தார். "இந்தப் படத்துல நான் ரொம்பக் குண்டாத் தெரியுதேன், என்ன?" என்றார். அப்புறம், "சரிட்டி, கட்டினேன். ஒரே ஒரு மட்டம். அதுக்குள்ள சேலை தேஞ்சா போச்சு? பெரிய கடையில எல்லாம் ஒண்ணும் கேக்காம எடுத்துக்கிடுதான். நீ என்ன இப்பிடிச் சந்தேகப்படுத?"

பெரிய கடை. வந்துவிட்டது அந்த வார்த்தை. பெரிய கடைக்காரன் திரும்பி வருகிற சேலைக்கும் சேர்த்துத்தான் மற்ற சேலைக்கு விலை போடுகிறான். என் கணக்கைச் சொல்கிறேன், கேளுங்கள். இந்தச் சேலை எனக்கு 1,900 ரூபாய் அடக்கம், விற்றால் 550 நிற்கும். திரும்ப எடுத்தால் 2,450-ஐக் கையில் கொடுத்துவிட வேண்டும். பெட்ரோல் வாஷுக்கு 200. ஊக்கு ஓட்டையும் ஊசி ஓட்டையும் எந்த வாஷிலும் போகாது, ஆகையால் புதுசு என்று விற்க முடியாது, விற்றால் நான் திருடி. பழுது என்று சொல்லி விற்றால் 1,100 கிடைத்தால் பெரிய விஷயம். ஆக ஆயிரம் ரூபாய் போச்சு. அதைச் சம்பாதிக்க வேறு இரண்டு பேருக்கு இரண்டு சேலை விற்க வேண்டும், அந்த இரண்டு பேரும் கல்யாணத்துக்குக் கட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவராமல் இருக்க வேண்டும்.

இதற்காக, "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று ஒரேயடியாகப் போர்டு மாட்டிவிடு என்கிறார் பக்கத்துக் கடை அண்ணாச்சி. மாட்ட மாட்டேன். முதலாவது, அது செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பழுதான சரக்கைத் திரும்ப எடுத்துப் பணம் கொடுக்க மறுத்தால் அதுவே முறையற்ற வணிகம். பில்லில் இத்தனை நாள் என்று போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளைக்குள் கொடுத்தாக வேண்டும். பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்று கொண்டுவந்தால் எடுக்கச் சட்டம் சொல்லவில்லை, அது கடைக்காரர் இஷ்டம். இரண்டாவது, சரக்கு மோசமாக வருவதும் உண்டு. போன வருஷம் ஒரு காலேஜ் பிள்ளை வாங்கின சிவப்புச் சேலை முதல் தண்ணியிலேயே சாயம் விட்டு, கரையெல்லாம் ரோஸாகிவிட்டது. துவைத்த சேலைதான், ஈரத்தோடுதான் கொண்டுவந்தாள். ஒரு வார்த்தை கேட்காமல் முழுப் பணத்தையும் கொடுத்தேன். அது என் பக்கத்துத் தப்பு. கட்டினதற்கும் கெட்டதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும்.

மனசு மாறினாலும் நான் எடுக்கிறேனே! மூன்று நாளைக்குள் வந்தால் மாற்று, மாற்றிக்கொள்ள எதுவும் பிடிக்காவிட்டால் பணம். ஃபால்ஸ் தைக்கக் கூடாது, டேக் அறுந்திருக்கக் கூடாது, இரண்டே நிபந்தனை. பில்லின் பின்பக்கம் இல்லை, முன்பக்கம், தொகைக்கு மேலேயே தமிழில் இருக்கிறது. பணம் வாங்குமுன் வாயாலும் சொல்கிறேன். மதினியிடமும் சொன்னேன், "தெரியும்ட்டி" என்றார். நன்றாகவே தெரிந்திருக்கிறது, அதனால்தான் பிளேடு.

டேக்கும் அறுபடவில்லை, அதுதான் கூத்து. என் டேக் உள் தலைப்பில், பிளவுஸ் துண்டுப் பக்கம் இருந்தது. இடுப்பில் செருகினால் யாருக்குத் தெரியும்? 2,450 ரூபாய் விலைச் சீட்டைத் தொப்புளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் கல்யாண வீட்டில் உலவியிருக்கிறார். குத்தியிருக்கும். குத்தட்டும்.

அதனால் நேற்று ராத்திரியே மாற்றிவிட்டேன். இனி டேக் முந்தானையின் வெளி ஓரத்தில், நான்கு விரல் அகலத்தில், ஆரஞ்சு நிறத்தில் தொங்கும். அதோடு கட்டினால் பந்தியில் பரிமாறுகிறவர் விலையைப் படித்துவிட்டுத்தான் சாதம் போடுவார். பிளாஸ்டிக் முள்ளில் மாட்டுகிற டேக் வேண்டாம். மாட்டுகிற துப்பாக்கி எல்லா இடத்திலும் கிடைக்கிறது, அறுத்துவிட்டு மறுபடி மாட்டலாம். நூலில் முடிச்சுப் போட்டு, பில் நம்பரும் என் கையெழுத்தும் டேக்கிலேயே எழுதிவிட்டேன். சுடிதாருக்குக் கழுத்துக்குப் பின்னால் தொங்கும் டேக்கை உள்ளே தள்ளிவிடுகிறார்கள், அதை முன்பக்கம் கைப்பக்கம் கொண்டுவந்தாயிற்று. இதையெல்லாம் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய நிலைமையைப் பாருங்கள். சேலை விற்க வந்தேனா, போலீஸ் வேலைக்கு வந்தேனா?

பணம் கொடுக்கவில்லை. "மன்னிச்சுக்கோங்க மதினி, முடியாது" என்று மடித்து அதே தாம்பூலப் பையில் வைத்தேன். கோபித்துக்கொண்டு படியிறங்கினவர் நின்று, திரும்பி வந்து கேட்கிறார்: "அப்பம் அந்த ஃபால்ஸையாவது நீயே ஒழுங்காத் தச்சுக் குடுத்துருட்டி. ராத்திரி பூரா பிரிச்சதுல கையெல்லாம் நோவு."

எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும். இரண்டு பேரும் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஃபால்ஸ் தைக்க எண்பது ரூபாய். அதிலும் பத்து ரூபாய் குறைத்தார்.

ராத்திரி சாப்பிடும்போதுதான் உறைத்தது. அதே கல்யாணம், அதே பந்தி, மதினி கையில் தாம்பூலப் பை. இவர் கையில்? "உங்க பை எங்க?" என்றேன். கூட்டமாக இருந்ததாம், வரிசையில் நிற்கக் கூச்சமாக இருந்ததாம், வாங்காமலே வந்துவிட்டாராம். ஐநூற்றொரு ரூபாய் மொய் எழுதத் தெரிகிறது, ஒரு தேங்காய் வாங்கிக்கொண்டு வரத் தெரியவில்லை. இன்று காலையில் தேங்காய் என்ன விலை என்று அவரையே கடைக்கு அனுப்பி விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.