ஐந்நூறு பெட்டிக்கு ஏழு நாளா?

வயிறு எரியுது. எழுதாம இருக்க முடியல.

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கத்துல எங்க வீட்டு முற்றத்துல பதினொரு பொம்பளைங்க சேர்ந்து பனையோலைப் பெட்டி முடையுறோம். ஆறங்குல வாய், மூணங்குல உயரம், மூடியோட. கல்யாணத்துக்குத் தாம்பூலம் போட்டுக் குடுக்குற பெட்டி. மொத்த வியாபாரத்துக்கு இணையத்துல போடணும்னு ஒருத்தர்கிட்ட விவரம் எழுதித் தரச் சொல்லி, பணமும் குடுத்தேன். அவர் எங்க முற்றத்துக்கு ஒரு நாள் வந்தது கிடையாது. ஒரு பெட்டி முடைய எவ்வளவு நேரம் ஆகும்னு ஒரு கேள்வி கேட்டது கிடையாது. ஏதோ பிளாஸ்டிக் டப்பா விக்கிறவங்க போட்டிருந்ததை எடுத்து, படத்தை மட்டும் எங்களோடதா மாத்தி ஏத்திட்டார். குறைஞ்சது 50 பெட்டி எடுக்கணும். 100 எடுத்தா 95 ரூபா, 300 எடுத்தா 85, 500 எடுத்தா 70. அனுப்ப 7 முதல் 10 நாள். எந்த நிறமும் கிடைக்கும்.

"எந்த நிறமும் கிடைக்கும்." இந்த ஒரு வரிக்கு நாங்க குடுத்த விலை தெரியுமா?

ஜூன் முதல் வாரம், இடவப்பாதி மழை பிடிச்சு நிக்குது. சென்னையில இருந்து ஒரு பார்ட்டி. 500 பெட்டி, பத்து நிறம், நிறத்துக்கு 50. ஆனி மாசக் கல்யாணம், இன்னும் 24 நாள்தான் இருக்கு. அட்வான்ஸ் போட்டுட்டு போன் பண்றார். "சார், பத்து நாள்ல முடியாது, இந்த ரேட்டும் கட்டாது"ன்னேன். அவர் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். "நீங்கதானே மேடம் எழுதியிருக்கீங்க?" அதுக்கு என்ன பதில் சொல்ல? எங்க பேர்ல இருக்கே. அவர் மேல எனக்கு இன்னிக்கும் கோபம் இல்ல. எழுதியிருந்ததை நம்பின மனுஷன் அவர்.

விலைக் கணக்கை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா கைத்தொழில் பண்ற எல்லாரும் இந்தக் குழியிலதான் விழறாங்க. ஒரு பெட்டிக்கு ஓலை 10 ரூபா, முடையுற கூலி 45, ஓரம் தைக்க 5. ஆக 60. நீங்க நூறு எடுத்தாலும் ஆயிரம் எடுத்தாலும் இந்த 60 நகராது. ஆயிரம் பெட்டி ஆர்டர் வந்துட்டுன்னு ஒரு அக்காவோட விரல் வேகமா ஓடுமா? மெஷின் வச்சிருக்கவனுக்கு ஒரு தடவை அச்சு மாட்டினா எவ்வளவு அடிச்சாலும் அந்தச் செலவு பிரிஞ்சு பிரிஞ்சு குறையும். எங்களுக்குக் குறையுறது ரெண்டே ரெண்டு இடத்துல.

ஒண்ணு சாயப்பானை. சாயத்தூள், விறகு, ஓலையைப் போட்டுப் புரட்டி எடுக்க ஒரு ஆளோட ஒரு நாள் கூலி, எல்லாம் சேர்ந்து ஒரு பானைக்கு 900 ரூபா. ஒரு பானையில 100 பெட்டிக்கான ஓலை கொள்ளும், அப்போ பெட்டிக்கு 9 ரூபா. 50 பெட்டிக்கு மட்டும் போட்டா தூள்ல ஏதோ கொஞ்சம் மிஞ்சும், விறகும் ஆள்கூலியும் அதேதான். கணக்குக்கு அதே 900ன்னு வச்சா பெட்டிக்கு 18. நூறுக்கு மேல போனா? அடுத்த பானை வைக்கணும், மறுபடியும் 9 ரூபாதான். ரெண்டாவது, பொதியுறதும் மார்த்தாண்டத்துக்குக் கொண்டு போய் பார்சல் போடுறதும். அது ஆர்டருக்கு 600. நூறு பெட்டின்னா பெட்டிக்கு 6 ரூபா விழும், முந்நூறுன்னா 2, அறுநூறுன்னா 1.

கூட்டிப் பாருங்க. 100 பெட்டி எடுத்தா எங்க அடக்கம் 75. 300 எடுத்தா 71. 600 எடுத்தா 70. முந்நூறுல இருந்து அறுநூறுக்குப் போறப்ப எங்களுக்கு மிச்சமாகுறது ஒரே ஒரு ரூபா! அதுக்கு அந்த விவரம் எழுதினவர் 85ல இருந்து 70க்கு இறக்கி வச்சிருக்கார். பதினஞ்சு ரூபாயை எங்க இருந்து எடுக்கச் சொல்றார்? 45 ரூபா கூலியில இருந்துதான் எடுக்கணும், வேற இடமே இல்ல.

சென்னை ஆர்டர்ல ஆனது இதுதான். பத்து நிறத்துக்குப் பத்துப் பானை, 9,000 ரூபா. ஓலையும் கூலியும் 30,000. பார்சல் செலவு 600. மொத்தம் 39,600. எங்களுக்கு வந்தது 500 பெட்டிக்கு 70 ரூபா வீதம் 35,000. லாபத்தை விடுங்க, கையில இருந்து 4,600 போச்சு. விலையை மாத்தாம, "ஒரு நிறத்துக்குக் குறைஞ்சது 100"னு மட்டும் எழுதியிருந்தாக்கூட இந்த நஷ்டத்துல 4,500 வந்திருக்காது. குறைஞ்ச அளவுங்கறது மொத்த எண்ணிக்கை மட்டும் இல்ல. அது நிறத்துக்கா, அளவுக்கா, மொத்த ஆர்டருக்கான்னு எழுதலைன்னா அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

இனி நாள் கணக்கு. இதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

குருத்தோலை வெட்டிக் கொண்டு வந்தா நல்ல வெயில்லயே காய 3 நாள். கிழிச்சு, சாயம் போட்டு, நிழல்ல உலர்த்த 2 நாள். பிறகு முடையணும். ஒரு ஆள் வீட்டு வேலைக்கு நடுவுல ஒரு நாளைக்கு 4 பெட்டி முடைவா. பதினொரு பேர்னு சொன்னாலும் ஒரு நாள்ல உட்காருறது எட்டுப் பேர்தான். ஒருத்தி வீட்டுல காய்ச்சல், ஒருத்திக்கு ரேஷன் கடை, ஒருத்திக்குச் சொந்தத்துல இழவு. ஆக ஒரு நாளைக்கு 32 பெட்டி. 500 பெட்டிக்கு 16 நாள். ஓரம் தைச்சு, தரம் பிரிச்சு, பொதிய 2 நாள். எல்லாம் சேர்ந்து 23 வேலை நாள், மழை இல்லாத மாசத்துல, ஞாயிறு சேர்க்காம. கோட்டாறு திருவிழா, மண்டைக்காடு கொடை வந்தா அதுவும் தனி. இதை "7 முதல் 10 நாள்"னு எழுத எப்படிக் கை வந்தது?

மழையில ஓலை காயல. அடுப்பங்கரைப் பரண்ல ஏத்திப் புகையில வச்சோம். ஞாயித்துக்கிழமையும் உட்கார்ந்தோம், ராத்திரி பதினொரு மணி வரைக்கும் லைட் போட்டு முடைஞ்சோம். எங்கள்ல மூத்த அக்கா அன்னிக்கே ஓலையை எடுத்து மடக்கிப் பாத்துட்டுச் சொன்னா: "மக்கா, காஞ்ச ஓலைன்னா மடக்கும்போ சடசடன்னு கேக்கணும். இது சத்தமே இல்ல, கன்னத்துல வச்சா குளுகுளுன்னு இருக்கு. இதுல முடைஞ்சா பெட்டி இளிச்சுப் போவும்." முடையுறதுக்கு முன்னாடி காஞ்ச ஓலையில தண்ணி தெளிச்சுக்குறது வேற, உள்ளே ஈரம் நிக்கிறது வேற. உள்ஈரத்தோட முடைஞ்சா பிறகு ஓலை சுருங்கும். இழைக்கு இழை இடைவெளி விழும், மூடி ஆடும். கட்டி அனுப்பின மூட்டைக்குள்ள பூசணமும் பிடிக்கும். தெரிஞ்சே முடைஞ்சோம், நாள் இல்லாததால. 22ஆவது நாள் அனுப்பினோம். 60 பெட்டி கரும்புள்ளி விழுந்து போச்சுன்னு படம் அனுப்பி, அவர் 4,200 ரூபா பிடிச்சுக்கிட்டார். முன்னாடி சொன்ன 4,600ஓட சேர்த்தா 8,800. அந்த அக்கா கண்ணு எரிச்சல்ல ரெண்டு நாள் வேலைக்கு வரல. கூலியை யாருக்கும் ஒரு ரூபா குறைக்காம என் கையில இருந்து போட்டேன்.

எழுதினவர்கிட்ட கேட்டா, "எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க மேடம், ஆர்டர் வந்த பிறகு பேசி மாத்திக்கலாம்"னு சொல்றார். வந்த பிறகு என்னத்தை மாத்துறது? வாங்குறவர் அந்த எண்ணை வச்சு கல்யாணத் தேதிக்குக் கணக்குப் போட்டு முடிச்சிருப்பார். பேச்சு அப்போ பேரம் ஆகாது, சண்டைதான் ஆகும்.

அதை அழிச்சுட்டு நானே உட்கார்ந்து எழுதினேன். இப்போ இருக்குறது இதுதான்:

"கையால் முடைந்த பனையோலைப் பெட்டி, மூடியுடன். வாய் 6 அங்குலம், உயரம் 3 அங்குலம், கைவேலை என்பதால் கால் அங்குலம் கூடக் குறைய இருக்கும். குறைந்த ஆர்டர் 100 பெட்டி, ஒரே நிறத்தில். ஒரு நிறம் 100க்குக் குறைந்தால் அந்த நிறத்துக்குச் சாயச் செலவு 900 ரூபாய் தனி. 100 முதல் 299 வரை பெட்டி 92 ரூபாய், 300 முதல் 599 வரை 88, 600க்கு மேல் 86. இந்த விலை ஒரே தடவையில் ஒரே முகவரிக்கு அனுப்பும் ஆர்டருக்கு. ஜிஎஸ்டி, வண்டிக்கூலி தனி. எங்களிடமிருந்து புறப்பட 100 பெட்டிக்கு 12 வேலை நாள், 300க்கு 18, 600க்கு 27. ஜூன் முதல் நவம்பர் வரை 5 நாள் கூடுதல். அட்வான்ஸ் வந்து, நிறம் உறுதியான மறுநாளிலிருந்து நாள் கணக்கு. கையில் வேறு ஆர்டர் இருந்தால் தொடங்கும் தேதியை முதலிலேயே சொல்வோம்."

"ஒரே தடவையில்"னு போட்டதுக்குக் காரணம், 600 பெட்டி ரேட்டைப் பேசிட்டு "இப்போ 150 அனுப்புங்க, மீதியைப் பிறகு சொல்றேன்"னு போனவங்க உண்டு. அந்த மீதி வந்ததே இல்ல. "புறப்பட"ன்னு எழுதினதுக்குக் காரணம், பார்சல் சென்னைக்குப் போற நாளும் வடக்க போற நாளும் எங்க கையில இல்ல. இன்னொண்ணு: 290 பெட்டி கேட்டா 26,680 ரூபா வரும், 300 கேட்டா 26,400தான். விலையைப் படி படியா வச்சா இந்த இடறல் வரத்தான் செய்யும். அதனால 290 கேக்குறவங்ககிட்ட நானே கூப்பிட்டுச் சொல்லிடுவேன்.

எனக்குத் தெரிஞ்சவங்க சொல்றாங்க, இவ்வளவு நிபந்தனை எழுதினா ஆள் வராதுன்னு. அந்தத் தளத்துல விலைக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கு. அதுல 86 போடு, அப்பதான் மேல தெரியும், உள்ள வந்து மத்ததைப் படிச்சுக்கட்டும்னு நேத்துகூட ஒருத்தர் சொன்னார். 86 பாத்துட்டு வந்து 92ன்னு கேட்டா அவர் என்னைக் கள்ளின்னு நினைக்க மாட்டாரா? அந்தக் கட்டத்துல 92தான் போட்டிருக்கேன். அது மாறாது.