எக்ஸ்போர்ட் கேப்ஷனில் 'சர்டிஃபைடு' என்று போடுவதற்கு முன்னால்

திருப்பூர் பனியன் கம்பெனிகளின் லிங்க்டுஇன், இன்ஸ்டா பக்கங்களைத் திறந்தால் பாதிக்கு மேல் ஒரே வாசகம்தான்: ஜிஓடிஎஸ், ஓகோ-டெக்ஸ், செடெக்ஸ் சர்டிஃபைடு, மாதம் 5 லட்சம் பீஸ், பெஸ்ட் குவாலிட்டி. இங்கிலீஷ் தப்பில்லாமல் இருந்தாலும் ஜெர்மனியிலோ டென்மார்க்கிலோ இருக்கும் பையர் இதைத் தாண்டிப் போய்விடுவார். அவருக்கு இதில் சரிபார்க்க ஒன்றுமே இல்லை.

முதலில் செடெக்ஸ். அது சர்டிஃபிகேட்டே கிடையாது. செடெக்ஸ் என்பது தகவல் பகிரும் தளம். ஸ்மெட்டா என்பது அதன் தணிக்கை முறை. தணிக்கை முடிந்தால் கிடைப்பது அறிக்கை. அதில் குறைகள் இருக்கலாம், அவற்றைச் சரிசெய்யக் கெடுவும் இருக்கும். இன்னொரு தணிக்கை முறையான பிஎஸ்சிஐ-யும் இதே கதைதான், ஏ முதல் ஈ வரை கிரேடு வரும், சான்று வராது. 'செடெக்ஸ் சர்டிஃபைடு' என்று எழுதினால், இவர்கள் அந்த அறிக்கையையே படிக்கவில்லை போல என்றுதான் காம்ப்ளையன்ஸ் பார்ப்பவர் நினைப்பார். 'ஸ்மெட்டா ஆடிட் முடிந்தது' என்று மாதத்தையும் வருஷத்தையும் சேர்த்துப் போட்டால் போதும்.

ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 வேறு வகை. அது கம்பெனிக்குக் கொடுப்பதில்லை, சோதித்த பொருளுக்குக் கொடுப்பது. ஓராண்டு செல்லும். வெள்ளை சிங்கிள் ஜெர்சிக்கு வாங்கிய சான்றை வைத்துக்கொண்டு பிரின்ட் போட்ட குழந்தை உடுப்பையும் அதே வரியில் சேர்த்தால், பையர் சான்று எண்ணை ஓகோ-டெக்ஸ் தளத்தின் லேபிள் செக் பகுதியில் போட்டதுமே மாட்டிக்கொள்வீர்கள். மூன்று வயது வரையான குழந்தைகளின் துணி முதல் வகுப்பு. தீங்கான ரசாயனங்களுக்கான வரம்புகள் அங்கேதான் மிகக் கடுமை.

ஆர்கானிக் துணிக்கான சான்றான ஜிஓடிஎஸ்-இல் நடக்கும் தப்பு இன்னும் பெரிது. சான்று பெற்ற மில்லில் துணி வாங்கி, சான்று இல்லாத யூனிட்டில் தைத்தால் சட்டை ஜிஓடிஎஸ் ஆகாது. சாயம், பிரின்டிங், தையல் என்று சங்கிலி முழுக்கச் சான்றுக்குள் வரவேண்டும், வெளியே கொடுக்கும் ஜாப் வொர்க்கும் சேர்த்துத்தான். ஸ்கோப் சர்டிஃபிகேட் யூனிட்டின் தகுதியைக் காட்டும். அனுப்பிய சரக்குக்கு ஆதாரம் டிரான்சாக்‌ஷன் சர்டிஃபிகேட். லோகோவைக் கேப்ஷன் படத்தில் ஒட்டுவதற்கும் சான்று நிறுவனத்தின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும்.

'ஈகோ-ஃப்ரெண்ட்லி' என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். ஆதாரமில்லாத பொதுவான பசுமை வாசகங்களை நுகர்வோரிடம் சொல்ல ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/825 ஆணை தடை போடுகிறது. அமலாவது 2026 செப்டம்பர் 27 முதல். பையர் தன் கடையில் போட முடியாத சொல்லை நீங்கள் கொடுத்து என்ன பயன்?

அடுத்தது கெப்பாசிட்டி. '5 லட்சம்' என்பதை '5 lakh' என்று அப்படியே போட்டால் வெளிநாட்டுக்காரருக்குப் புரியாது. 5,00,000 என்று நம்ம ஊர் கமா போட்டாலும் எழுத்துப்பிழையா என்று யோசிப்பார். 500,000 என்றுதான் எழுதவேண்டும். ஆனால் அதற்கு முன் அந்த எண் உண்மையா?

60 தையல் மெஷின் இருக்கும் யூனிட்டை எடுத்துக்கொள்வோம். 480 நிமிட ஷிஃப்டில் மொத்தம் 28,800 நிமிடம். லைன் எஃபிஷியன்சி 50 சதவீதம் என்றால் கையில் நிற்பது 14,400. ஒரு பேசிக் டி-ஷர்ட்டைத் தைக்கக் கணக்கிட்ட நேரம், அதாவது சாம், 10 நிமிடம் என்று வைத்தால் நாளைக்கு 1,440 பீஸ், 25 நாளில் 36,000. அதே லைனில் 30 நிமிடம் பிடிக்கும் ஹூடி ஓடினால் 12,000 தான். எந்தப் பொருள் என்று சொல்லாத கெப்பாசிட்டி எண்ணுக்கு அர்த்தமே இல்லை. அதைவிட முக்கியம், அதில் எவ்வளவு காலியாக இருக்கிறது என்பது. பையர் கேட்பதே அதைத்தான்.

குறைந்தபட்ச ஆர்டரையும் கலர் கணக்கில் சொல்லுங்கள். 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள துணியில் தைக்கும் சட்டைக்குக் கழிவோடு சுமார் 220 கிராம் துணி போகும் என்று பிடித்தால் 500 சட்டைக்கு 110 கிலோ. 100 பீஸ் என்று ஆசை காட்டினால் சாய மெஷினில் 22 கிலோதான் விழும். டையிங்காரர் வேண்டாம் என்பார், இல்லை முழு லாட்டுக்குச் சார்ஜ் போடுவார். அந்த விலையைப் பையரிடம் சொன்னதும் பேச்சு முறிந்துவிடும்.

இதெல்லாம் சேர்ந்தால் கேப்ஷன் இவ்வளவுதான். கோடு போட்ட இடத்தில் உங்கள் விவரம்:

```
Knitted T-shirts, 140–220 GSM | Tiruppur, India
GOTS: own unit certified by ____, licence no. ____
OEKO-TEX STANDARD 100: single jersey, no. ____, valid to ____
Capacity: 36,000 basic tees/month; 12,000 open for March
MOQ: 500 pcs per colour
```

மார்ச் முடிந்ததும் நான்காவது வரியை மாற்றுங்கள், மாற்ற ஆளில்லை என்றால் அந்த வரியிலிருந்து காலி எண்ணை எடுத்துவிடுங்கள். சான்று காலாவதியானால் புதுப்பித்த எண் வரும்வரை அந்த வரியையே எடுத்துவிடுவது நல்லது.