இல்லாத அம்புக்கு மதிப்பெண் கேட்கிறார்கள்

பக்கத்து வீட்டுப் பெண்ணின் இயற்பியல் விடைத்தாளில் சரியான படத்துக்கு மதிப்பெண் குறைத்த விவகாரத்தில் நான் தேவையின்றி மூக்கை நுழைப்பதாக எங்கள் செம்பூர் குடியிருப்புக் குழுவில் எழுதியவர்களுக்காகவே இந்தப் பதிவு. கேள்வியை மட்டும் ஒரு முறை நினைவூட்டிவிடுகிறேன். 2 கிலோ நிறையுள்ள கட்டை ஒன்றை 30 பாகை சாய்ந்த சொரசொரப்பான தளத்தில் மேல்நோக்கித் தள்ளிவிடுகிறார்கள். கை விலகிய பிறகு, கட்டை இன்னும் மேலேறிக்கொண்டிருக்கும் கணத்தில் அதன் தனித்த பொருள் விசைப்படத்தை, அதாவது அதன்மீது செயல்படும் விசைகளை மட்டும் அம்புகளாகக் காட்டும் படத்தை, வரைய வேண்டும். உராய்வுக் கெழு 0.2.

பக்கத்து வீட்டுப் பெண் மூன்று அம்புகள் வரைந்திருந்தாள்: எடை நேர் கீழாக, செங்குத்து எதிர்விசை தளத்துக்குச் செங்குத்தாக, உராய்வு தளத்தின் வழியே கீழ்நோக்கி. மூன்று மதிப்பெண்ணுக்கு ஒன்றுதான் கிடைத்தது. "இயக்கத் திசையில் விசை இல்லை, உராய்வு தவறு" என்று சிவப்பு மையில் குறிப்பு. மேல்நோக்கி ஒரு "தள்ளு விசை"யும், அதே திசையில் உராய்வும், எடையும், போதாக்குறைக்கு எடையின் இரு கூறுகளும் என ஐந்து அம்புகளை அளவுகோல் வைத்து வரைந்த இன்னொரு தாளுக்கு முழு மதிப்பெண். அதில் செங்குத்து எதிர்விசையே இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை போலும்!

ஒவ்வொரு அம்பையும் பார்த்து, இந்த விசையை இந்தக் கட்டைக்குத் தருவது எந்தப் பொருள் என்று கேட்க வேண்டும். எடையைப் பூமி தருகிறது. மற்ற இரண்டையும் தளம் தருகிறது. தள்ளு விசையைத் தருவது யார்? கைதான் விலகிவிட்டதே. கட்டை மேலேறுவது அதற்கு ஏற்கெனவே இருக்கும் வேகத்தால்; வேகம் விசை அன்று.

இன்னொரு சோதனையும் உண்டு. வரைந்த அம்புகளைக் கூட்டினால் வருவது முடுக்கத்தின் திசையில் இருக்க வேண்டும். இங்கே எடையின் கூறு தளத்தின் வழியே கீழ்நோக்கி 9.8 நியூட்டன், உராய்வு அதே திசையில் சுமார் 3.4, மொத்தம் 13.2. கட்டை நொடிக்கு நொடி 6.6 மீட்டர் வீதம் வேகமிழப்பது அதனால்தான். முழு மதிப்பெண் பெற்ற தாளிலோ எடை ஒரு முறை முழுதாகவும், கூறுகளாக மறுமுறையும் எண்ணப்பட்டிருக்கிறது. கூறுகளைக் கோடிட்டோ தனிப்படத்திலோ காட்டியிருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அவள் வரைந்த உராய்வு திருத்தியவருக்கு ஏன் தவறாகத் தோன்றியது என்று எனக்குப் புரிகிறது. புத்தகங்களில் அதிகம் காணும் படம் கீழிறங்கும் கட்டையுடையது. அதில் உராய்வு மேல்நோக்கி இருக்கும். இதே கட்டை உச்சியில் ஒரு கணம் நின்று, மீண்டும் சறுக்கி இறங்கும்போது உராய்வு அப்படித்தான் திரும்பும். ஆனால் கேள்வி ஏறும் கணத்தைப் பற்றியது. கேள்வியை முழுதாகப் படிக்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்கிறோம், இல்லையா?

"அவளுடைய படம் கோணல், எடையும் எதிர்விசையும் ஒரே நீளம்" என்கிறார்கள். கையால் வரைந்த படத்தை எப்படி அளப்பது என்பதுதான் இந்த விவகாரத்தின் மையம். அவள் வரைந்த சாய்வு ஏறத்தாழ 40 பாகை. எதிர்விசை அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாகவே இருக்கிறது. தாளின் விளிம்பை வைத்துப் பார்த்தால் கோணலாகத்தான் தெரியும். அவள் வரைந்த தளத்தை வைத்துப் பார்க்க வேண்டும். எடை 19.6 நியூட்டன், எதிர்விசை சுமார் 17. இந்த வேறுபாட்டை வெறுங்கையால் காட்டச் சொல்வது, பூக்காரியிடம் மில்லிமீட்டர் கணக்கில் முழம் கேட்பதற்குச் சமம். எதிர்விசை எடையைவிடத் தெளிவாக நீளமாக இருந்தாலோ, தளம் சாய்ந்திருக்க அது நேர் மேலே நின்றாலோ நானே மதிப்பெண்ணைக் குறைத்திருப்பேன். அது கை நடுக்கம் அன்று, புரிதலின் பிழை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாதுங்காவில் ஒரு மூத்த ஆசிரியர் விடைத்தாள்களைக் கையில் தூக்கிப் பிடித்து, தூரத்திலிருந்தே படங்களுக்கு மதிப்பெண் சொல்வார். எல்லோரும் சிரித்தோம். அவருடைய வாரிசுகள் இவ்வளவு பெருகுவார்கள் என்று அப்போது தெரியாது.

ஆசிரியர்களுக்கு வேலைப்பளு என்பவர்களுக்கு: எனக்கும் இருந்தது. விடைக்குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது என்பவர்களுக்கு: அப்படியானால் விடைக்குறிப்பு தவறு. "டியூஷன் வாத்தியாருக்கு விளம்பரம் வேண்டும்" என்று எழுதிய நண்பருக்குப் பதில் இல்லை. அவர் மகனும் என்னிடம்தான் படித்தான், கட்டணம் கேட்டதில்லை.

இரண்டு மதிப்பெண்ணுக்கா இவ்வளவு என்கிறீர்கள். அந்தப் பெண் நேற்று என்னிடம், "மாமா, அடுத்த தேர்வில் அந்த மேல் அம்பையும் போட்டுவிடட்டுமா?" என்று கேட்டாள். சரியாகப் புரிந்துகொண்ட பிள்ளையைத் தவறாக வரையப் பழக்குவதற்கு இரண்டு மதிப்பெண் போதுமானதாக இருக்கிறது. போடாதே என்றேன். மறுமதிப்பீட்டு விண்ணப்பத்தையும் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் ஒரே கேள்விதான்: கை விலகிய பின் கட்டையை மேலே தள்ளும் பொருளின் பெயரைத் தயவுசெய்து எழுதித் தரவும்.