கை முறிந்த பிள்ளையிடம் ஊனச் சான்றிதழ் கேட்காதீர்கள்

பொதுத்தேர்வு நெருங்கும்போது வருடா வருடம் யாராவது ஒரு பிள்ளைக்குக் கை முறிகிறது. சைக்கிளில் இருந்து விழுவார்கள், கபடி ஆடி விழுவார்கள், மாடிப்படியில் வழுக்குவார்கள். இந்த முறை எங்கள் உறவில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண்ணுக்கு. சொல்வதை எழுத ஓர் ஆளும் கூடுதல் நேரமும் வேண்டும் என்று அவள் தேர்வு வாரியத்துக்கு எழுதிய கடிதம் "மாற்றுத்திறனாளி சான்றிதழ் இணைக்கப்படவில்லை" என்ற ஒற்றை வரிக் குறிப்போடு திரும்பி வந்துவிட்டது. எந்த வாரியம் என்பது இங்கே முக்கியமில்லை. ஆனால் அந்தக் குறிப்பு தப்பு, அதைப் பார்த்துப் பயந்து கடிதத்தைக் கைவிடுவது அதைவிடத் தப்பு. பள்ளி ஆசிரியராக இருந்து, தேர்வு அறையில் பிள்ளைகள் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் காயத்தைப் பார்ப்போம். அவளுக்கு முறிந்தது ஸ்கேஃபாய்டு, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இருக்கும் முந்திரிப்பருப்பு அளவு எலும்பு. கையை ஊன்றி விழும்போது உடைவது. முதல் எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது, சுளுக்கு என்று அனுப்பிவிடுவார்கள், பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடி எடுக்கும்போதுதான் கோடு தெரியும். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் கூடுவதற்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். இவளுக்குப் போட்ட மாவுக்கட்டு கட்டைவிரலையும் சேர்த்துப் பிடித்திருந்தது, மற்ற நான்கு விரல்களும் வெளியே. பார்ப்பவர்களுக்கு "விரல்தான் நல்லா ஆடுதே, மெதுவா எழுதலாமே" என்று தோன்றும். ஒருவர் அப்படிக் கேட்கவும் செய்தார். கட்டைவிரலை மடக்காமல் ஒரு பேனாவைப் பிடித்து நாலு வரி எழுதிப் பாருங்கள், புரியும்.

கடிதத்தோடு அவள் இணைத்த மருத்துவச் சான்றிதழில் இருந்தது இவ்வளவுதான்: வலது ஸ்கேஃபாய்டு எலும்பு முறிவு, மாவுக்கட்டு போடப்பட்டது, ஆறு வாரம் ஓய்வு. மருத்துவர் எழுதியதில் பிழை இல்லை. ஆனால் தேர்வுப் பிரிவில் கோப்பைப் பார்ப்பவருக்கு அதிலிருந்து அவளால் எழுத முடியுமா முடியாதா என்பது தெரியாது. "ஓய்வு" என்றால் விடுப்பு என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். அதைவிடப் பெரிய சிக்கல், அந்த ஆறு வாரம் தேர்வுக்கு நடுவில் முடிகிறது. காகிதப்படி பார்த்தால் மொழித்தாள்களுக்கு ஆள் உண்டு, கணக்குக்கும் இயற்பியலுக்கும் இல்லை. மாவுக்கட்டு பிரித்த மறுநாளே மூன்று மணி நேரம் எழுத எந்தக் கையாலும் ஆகாது. மணிக்கட்டு இறுகிப் போயிருக்கும், பத்து நிமிடத்தில் வலி ஏறும்.

சரி, ஊனச் சான்றிதழ் விஷயம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நீண்டகாலக் குறைபாட்டைத்தான் பேசுகிறது. நாற்பது சதவீதம், அறுபது சதவீதம் என்று அளந்து கொடுக்கும் சான்றிதழ் அதற்குரியது. மூன்று மாதத்தில் கூடிவிடும் எலும்புக்கு யாரும் சதவீதம் போட மாட்டார்கள். அதனால் அந்தச் சான்றிதழைக் கேட்பது, கிடைக்கவே முடியாத ஒன்றைக் கேட்பதுதான். நாற்பது சதவீதம் இருந்தால்தான் எழுத ஆள் என்ற பிடிவாதத்தையே உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உடைத்துவிட்டது. குடிமைப் பணித் தேர்வு எழுத வந்த அவருக்கு எழுதும்போது விரல்கள் இழுத்துக்கொள்ளும் கோளாறு. அந்தத் தீர்ப்பு முறிந்த எலும்பைப் பற்றிப் பேசவில்லை, அதைக் காட்டி உரிமை என்று வாதாட முடியாது. ஆனால் எழுத முடியாத நிலைதான் கேள்வி, சதவீதம் இல்லை என்ற அதன் நியாயம் இங்கேயும் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. சி.பி.எஸ்.இ. விதிகளில் திடீரென்று நோய்வாய்ப்பட்டு எழுத முடியாமல் போனவருக்கு, உதவி சர்ஜன் நிலைக்குக் குறையாத மருத்துவர் சான்று கொடுத்தால் ஆள் தரலாம் என்ற வழி நெடுங்காலமாகவே இருக்கிறது. ஆக, இது யாரும் கேள்விப்படாத சலுகை ஒன்றும் இல்லை.

அவளை உட்கார வைத்து இரண்டாவது கடிதம் எழுதினோம். அவள் சொல்லச் சொல்ல அவளுடைய தம்பி எழுதினான். முதல் கடிதத்தில் முக்கால் பக்கம் எப்படி விழுந்தாள், எவ்வளவு மதிப்பெண் வாங்குவாள், எதிர்காலம் என்ன ஆகும் என்று இருந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். மிஞ்சியது இதுதான்:

"எனக்கு வலது கைதான் எழுதும் கை. கட்டைவிரல் மாவுக்கட்டில் இருப்பதால் பேனா பிடிக்க இயலவில்லை. கட்டு பிரித்த பிறகும் கடைசித் தேர்வு நாள் வரை தொடர்ந்து எழுத இயலாது என்று அரசு மருத்துவமனை எலும்புப் பிரிவு மருத்துவர் அளித்த சான்று இணைக்கப்பட்டுள்ளது. எனக்கு இது நிரந்தர ஊனம் அல்ல என்பதால் மாற்றுத்திறனாளி சான்றிதழ் பெற இயலாது. எல்லாத் தாள்களுக்கும் சொல்வதை எழுதுபவர் ஒருவரையும், மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகவும், தனி அறையும் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கீழே தேர்வு எண், தாள்களின் தேதிகள். தலைமையாசிரியர் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். முதல் சான்று தனியார் மருத்துவமனையில் வாங்கியது, அதனால் எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போய் இந்த வாசகத்தோடு புதிதாக வாங்க வேண்டியிருந்தது. "எழுத இயலாது", "இந்தத் தேதி வரை", இந்த இரண்டும் சான்றிதழில் இல்லாவிட்டால் கடிதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நிற்காது.

கூடுதல் நேரத்தைத் தனியாகக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. "ஆள்தான் கொடுத்தாச்சே, அப்புறம் நேரம் எதுக்கு" என்பது அலுவலகங்களில் சாதாரணமாகக் கேட்கிற கேள்வி. கணக்குத் தாளில் உட்கார்ந்து பார்த்தால் இந்தக் கேள்வி வராது. "இன்டக்ரல், கீழே பூஜ்யம், மேலே பை பை டூ, சைன் ஸ்கொயர் எக்ஸ்" என்று பிள்ளை சொல்கிறது. பாடம் தெரிந்தவர் உதவிவிடக் கூடாது என்பதால் எழுதுபவர் பெரும்பாலும் வேறு பாடக்காரர். அவர் sin²x என்று எழுத வேண்டியதை sin(x²) என்று எழுதிவிடுகிறார். பிள்ளை எட்டிப் பார்த்து, இல்லை சார், இரண்டு சைனுக்கு மேலே வரணும் என்று சொல்லி, அவர் அடித்து, மறுபடி எழுதி முடிக்கும்போது ஒரு நிமிடம் போயிருக்கும். ஒரு வரிக்கு. பக்கத்தில் போட்டுப் பார்க்கிற பெருக்கல் வகுத்தலைக்கூட வாயால் சொல்லித்தான் செய்ய வேண்டும். எழுதுகிற கை ஓடும்போதே மூளை அடுத்த வரிக்குப் போய்விடும் என்ற வசதி இந்தப் பிள்ளைக்கு இல்லை. உயிரியலில் படம் வரையச் சொன்னால் இன்னும் மோசம். மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் மணிக்கு இருபது நிமிடத்துக்குக் குறையாமல் தரச் சொன்னது சும்மா இல்லை. தேர்வுக்கு இரண்டு நாள் முன்னதாக எழுதுபவரைச் சந்திக்க விட வேண்டும் என்றும் அதில் இருந்தது. அது மாற்றுத்திறனாளிகளுக்காக எழுதப்பட்டதுதான், ஆனால் மாவுக்கட்டோடு சொல்லும் பிள்ளைக்கு மட்டும் சொல்வது வேகமாக நடந்துவிடுமா?

அனுமதி வந்தது. ஆளும் கிடைத்தார், ஒரு மணி நேரமும் கிடைத்தது. சந்திக்கும் வாய்ப்பு மட்டும் கிடைக்கவில்லை, முதல் தேர்வன்று காலையில்தான் எழுதுபவரின் முகத்தையே பார்த்தாள்.

வாரியங்களிடம் நான் கேட்பது இது. சலுகை விண்ணப்பப் படிவத்தில் மாற்றுத்திறனாளி என்பதற்குக் கீழே "தற்காலிகக் காயம்" என்று இன்னொரு கட்டம் சேருங்கள். எந்தக் கை, பேனா பிடிக்க முடியுமா, எந்தத் தேதி வரை முடியாது, அரசு மருத்துவர் கையெழுத்து, அவ்வளவுதான் அதில் தேவை. விபத்து தேர்வுக்கு முந்தைய நாள்கூட நடக்கும், அப்போது அனுமதி தரும் அதிகாரம் அந்தந்த மாவட்டத்திலேயே ஒருவரிடம் இருக்க வேண்டும், அவர் யார் என்பது பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.