வராத வருமானத்தைச் செலவு என்று எழுதாதீர்கள்

சனிக்கிழமை எங்கள் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் கட்டண உயர்வைப் பற்றி நான் பேசியதில் அரை நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்து வகுப்புக் குழுக்களில் சுற்றவிட்டிருக்கிறார்கள். 'ஏழைப் பிள்ளைகள் படிப்பது இவருக்குப் பொறுக்கவில்லை' என்று அதற்குக் கீழே எழுதியிருப்பவர் அன்று என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, என் பேனாவை வாங்கிக் குறிப்பெடுத்தவர். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் கேட்டது ஒரே கேள்வி. திரையில் காட்டிய பட்ஜெட்டில் வரவுப் பக்கம் 'கட்டண வருமானம்' என்று இருக்கும் தொகை, ஏழைப் பிள்ளைகளுக்குத் தரும் கட்டணச் சலுகையை, அதாவது கன்செஷனைக் கழிப்பதற்கு முந்தியதா, கழித்த பிறகு உள்ளதா? இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக உதவித்தொகை எவ்வளவு புண்ணியமான காரியம் என்று பத்து நிமிடம் பேசினார்கள். அதை நான் மறுக்கவே இல்லையே.

இருபது வருடமாக ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பள்ளிக் கணக்குகள் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் பள்ளியின் எண்களைப் பொதுவெளியில் போட விரும்பவில்லை. புரிவதற்காக உருண்டையான எண்களில் சொல்கிறேன்.

ஒரு பள்ளியில் 600 பிள்ளைகள், ஆளுக்கு 40,000 ரூபாய் கட்டணம். எல்லோரும் முழுதாகக் கட்டினால் 2 கோடியே 40 லட்சம் வரும். அதில் 60 பிள்ளைகளுக்கு அரைக் கட்டணச் சலுகை. 60 பேருக்குத் தலா 20,000 என்றால் 12 லட்சம். ஆக, பள்ளியின் கைக்கு வருவது 2 கோடியே 28 லட்சம். சம்பளம், மின்சாரம், பேருந்து, பராமரிப்பு எல்லாம் சேர்ந்து செலவு 2 கோடியே 46 லட்சம். பற்றாக்குறை 18 லட்சம். இது உண்மையான பற்றாக்குறை, ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது பட்ஜெட் போடுகிறவர் வரவில் கைக்கு வந்த 2 கோடியே 28 லட்சத்தை எழுதுகிறார். செலவுப் பக்கத்தில் 'கல்வி உதவித்தொகை 12 லட்சம்' என்று ஒரு வரி சேர்க்கிறார். செலவு 2 கோடியே 58 லட்சமாகிவிட்டது. பற்றாக்குறை 30 லட்சம்! அதை 600ஆல் வகுத்து, பிள்ளைக்கு 5,000 ரூபாய் ஏற்ற வேண்டும் என்கிறார். உண்மையில் தேவைப்படுவது 3,000. அரைக் கட்டணப் பிள்ளைகள் உயர்விலும் பாதிதான் கட்டுவார்கள் என்று கணக்கிட்டால் இன்னும் ஒரு நூற்றைம்பது, இருநூறு கூடும், அவ்வளவுதான். அந்த 12 லட்சம் வரவில் ஒருமுறை குறைந்தது, செலவில் இன்னொருமுறை ஏறியது.

உதவித்தொகையைச் செலவாகக் காட்டவே கூடாதா என்றால், காட்டலாம். அப்போது வரவில் முழு 2 கோடியே 40 லட்சத்தையும் எழுத வேண்டும். அல்லது வரவைக் கழித்து எழுதிவிட்டுச் செலவில் அந்த வரியை விட்டுவிட வேண்டும். இரண்டில் ஒன்று. கன்செஷன் என்பது பள்ளியின் வங்கிக் கணக்கிலிருந்து யாருக்கும் போன பணம் அல்ல. அது வராத வருமானம். வராத வருமானத்தை இரண்டு தடவை கழிக்காதீர்கள் என்பதைத்தான் அன்றும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

எந்தப் பெற்றோரும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். மொத்தப் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கட்டணத்தால் பெருக்குங்கள். பட்ஜெட்டின் வரவுத் தொகை அதைவிடக் கன்செஷன் அளவுக்குக் குறைந்திருந்து, செலவிலும் அதே கன்செஷன் இருந்தால் கணக்கு தவறு. வகுப்புக்கு வகுப்பு கட்டணம் மாறும் என்பதால் வகுப்புவாரியாகப் பெருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களில் சேர்ந்த பிள்ளைகளைத் தனியாக வைக்க வேண்டும். அவர்கள் பள்ளி கொடுக்கும் சலுகையில் படிப்பவர்கள் அல்ல. அரசு ஒரு பிள்ளைக்குச் செய்யும் செலவு, பள்ளியின் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதை அரசு பள்ளிக்குத் திருப்பித் தர வேண்டும். அந்தப் பணம் தாமதமாக வருகிறது என்பது நிஜம். 2025இல் மத்திய அரசு நிதி தராததால் தமிழ்நாட்டில் அந்தச் சேர்க்கையே மாதக்கணக்கில் தள்ளிப்போனது. ஆனால் தாமதமாக வரும் பணம் வேறு, தானம் வேறு. அந்தப் பிள்ளைகளையும் உதவித்தொகைப் பட்டியலில் சேர்த்துக் காட்டுவது எப்படிச் சரியாகும்?

'ஆசிரியர்களுக்குச் சம்பளம் ஏற்ற வேண்டாமா?' என்று கேட்கிறார்கள். ஏற்ற வேண்டும். பட்ஜெட்டின் சம்பளத் தொகையைப் பற்றி நான் ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை. பணிக்கொடைக்கு ஒதுக்கிய தொகையைச் சிலர் முணுமுணுத்தபோது கூட அது நியாயம் என்று எழுந்து சொன்னவன் நான். தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று 2009இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 1997 ஏப்ரலிலிருந்தே அது பொருந்தும் என்பதை 2022இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 26,000 ரூபாய் சம்பளத்தில் 20 வருடம் முடித்து ஓய்வு பெறும் ஆசிரியைக்கு, மாதத்துக்கு 26 நாள் என்று வைத்து, வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில் 3 லட்சம் தர வேண்டும். அதற்கு வருடாவருடம் ஒதுக்கி வைக்காத பள்ளிதான் திடீரென்று பெற்றோரிடம் வந்து நிற்கும். எங்கள் பள்ளி ஒதுக்குகிறது, அதைப் பாராட்டினேன். வெட்டிய வீடியோவில் அது இல்லை.

'கட்டண நிர்ணயக் குழு இருக்கிறது, நீங்கள் யார் கேட்க?' என்று ஒருவர். தமிழ்நாட்டின் 2009ஆம் வருடப் பள்ளிக் கட்டணச் சட்டப்படி, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் அந்தக் குழு இருக்கிறது. பள்ளி தரும் செலவுக் கணக்கை வைத்துத்தான் அது கட்டணத்தை நிர்ணயிக்கிறது. நிர்ணயித்தால் மூன்று கல்வியாண்டுக்கு அதே கட்டணம். தவறான தொகை ஒன்று அதில் நுழைந்துவிட்டால் மூன்று வருடம் கட்டப்போவது நாம்தான். அதனால்தான் அங்கே போவதற்கு முன்பே கேட்டேன்.

'பிடிக்காவிட்டால் வேறு பள்ளி பாருங்கள்' என்று சொன்னவருக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை.

ஆனால் 'பொறுக்கவில்லை' என்ற அந்த வார்த்தையைத் தாண்டிப் போக முடியவில்லை. நான் ஆறாவது முதல் பத்தாவது வரை அரைக் கட்டணத்தில் படித்தவன். அப்பாவுக்கு லாரியில் கிளீனர் வேலை. பருவத்துக்கு ஒருமுறை கட்டண வரிசையில் நிற்பேன். என் முறை வந்ததும் எழுத்தர், 'கன்செஷன் பையனா, தள்ளி நில்லு, கடைசியில வா' என்பார். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். எல்லோரும் போன பிறகு கட்டிவிட்டு வகுப்புக்குப் போனால், எங்கே போனாய் என்று ஆசிரியர் கேட்பார். அதையும் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். ஐந்து வருடம்.

சனிக்கிழமை அந்தத் திரையில் என்ன காட்டினார்கள் என்று கவனித்தீர்களா? மொத்தத் தொகை மட்டும் போதாதென்று, வகுப்பு வாரியாக எத்தனை பேர் சலுகையில் படிக்கிறார்கள் என்றும் போட்டார்கள். ஏழாம் வகுப்பு 'அ' பிரிவு, இரண்டு பேர். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் அந்த இரண்டு பேர் யாரென்று தெரியாதா? அவர்களுடைய அம்மாக்களும் அந்த அரங்கத்தில்தான் இருந்தார்கள். 'இவர்களுக்காகத்தான் உங்கள் கட்டணம் ஏறுகிறது' என்று அவர்களை வைத்துக்கொண்டே நமக்குச் சொன்னார்கள். கட்டண உயர்வுக்கு அந்தப் பிள்ளைகளைக் காரணமாகக் காட்டியது நானா, அந்தப் பட்ஜெட்டா? பிழையைத் திருத்தினால் பழி அந்தப் பிள்ளைகள் மேல் விழாது. அவர்களுக்காகவும்தான் கேட்டேன் என்பது ஒருவருக்குமா புரியவில்லை?

என் மகள் அந்த வகுப்புதான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது, தன் தோழி பெயரைச் சொல்லி, 'அவ நம்ம காசுலதான் படிக்கிறாளாப்பா?' என்று கேட்டாள். யார் சொன்னது என்றேன். 'கிளாஸ்ல எல்லாரும் சொல்றாங்க.' இல்லை என்று சொல்லிவிட்டு, அந்தக் கட்டண வரிசையைப் பற்றி அவளிடம் முதல்முறையாகச் சொன்னேன்.

நாளைக் காலை தாளாளரிடம் இரண்டு வரிக் கடிதம் கொடுக்கப்போகிறேன். வரவு முழுத் தொகையா, கழித்த தொகையா என்று எழுத்தில் பதில் வேண்டும். அந்த வகுப்புவாரிப் பட்டியலைத் திரையிலிருந்தும், பெற்றோருக்கு அனுப்பிய கோப்பிலிருந்தும் எடுக்க வேண்டும். முதலாவதற்குப் பதில் தாமதமானாலும் காத்திருப்பேன். இரண்டாவதை நாளைக்கே செய்ய வேண்டும். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் எட்டரை மணிக்கு வாசலுக்கு வாருங்கள்.