தக்காளிக்கார அக்கா விலை வைப்பதில்லை

சனிக்கிழமை தக்காளி விலை பற்றி நான் இங்கே ஒரு பதிவு போட்டேன். அதன் கீழே, "இந்தக் காய்கறிக்காரிகள் வைத்ததுதான் விலை, இதுவும் மோனோபோலிதான்" என்று ஒருவர் எழுத, அதற்கு அத்தனை லைக். இரண்டு நாளாக மனசு ஆறவில்லை.

தெருவில் தக்காளி விற்கும் அக்கா விலை வைப்பதில்லை. விலை அவரிடம் வந்து சேர்கிறது, அவ்வளவுதான். எங்கள் மார்க்கெட் தெருவில் ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், ஏழு பேர் கூடையிலும் ஒரே தக்காளி, கிலோ 40. ஒருவர் 45 என்றால் அடுத்த கூடைக்கு நகர நமக்கு இரண்டு எட்டு போதும். கணக்கைப் பாருங்கள். 14 கிலோ பெட்டி 420 ரூபாய் என்று வையுங்கள். நசுங்கினது, அழுகினது ஒரு கிலோ போனால் 13 கிலோதான் தேறும். 40 வீதம் விற்றால் 520. ஆட்டோவில் அவர் பங்கு 40 போக, கையில் நிற்பது 60 ரூபாய். அதிலும் லாபம் கொஞ்சம் கூடினால் எட்டாவது ஆள் ஒரு கோணியை விரித்து உட்கார்ந்துவிடுவார், அவரைத் தடுக்க யாராலும் முடியாது. நிறைய விற்பனையாளர், ஒரே பொருள், யாரும் உள்ளே வரலாம், விலை எல்லாருக்கும் தெரியும். இதைத்தான் பாடப்புத்தகம் நிறைவுப் போட்டி என்கிறது.

2023 ஜூலையில் கிலோ 100-ஐத் தாண்டியதே என்பீர்கள். தாண்டியது, ஏனென்றால் வரத்து குறைந்தது. அந்த மாதம் அவரும் கூடுதல் விலை கொடுத்துத்தான் பெட்டி எடுத்தார்.

உண்மையான மோனோபோலி, அதாவது ஏகபோகம், பார்க்க வேண்டுமா? இடைவேளையில் தியேட்டர் கேன்டீனுக்குப் போங்கள். வெளியே இருந்து தின்பண்டம் கொண்டுவரக் கூடாது என்று சொல்ல தியேட்டருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கதவைச் சாத்தியபின் உள்ளே ஒரே கடைதான். ஆனால் அவர்களாலும் ஆயிரம் ரூபாய் வைக்க முடியாது. ஒரு பாப்கார்ன் செய்ய 30 ரூபாய் ஆகிறது, 100 ரூபாய்க்கு விற்றால் 150 பேர் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். லாபம் 10,500. 200 ஆக்கினால் 100 பேர்தான் வாங்குவார்கள், ஆனால் லாபம் 17,000. 300 ஆக்கினால் 60 பேர், லாபம் 16,200. ஆகவே 200-இல் நிற்பார்கள். ஐம்பது பேர் வாங்காமல் திரும்பிப் போவது அவர்களுக்கு நஷ்டமே இல்லை. இப்படி விலையைத் தேர்ந்தெடுக்கும் வசதி அந்த அக்காவுக்கு எங்கே இருக்கிறது?

அப்புறம் நாம் கோபப்பட மறந்தது ஒன்று இருக்கிறது. 2024 ஜூன் 27 அன்று ஜியோ கட்டண உயர்வை அறிவித்தது. மறுநாளே ஏர்டெல், வோடபோன் ஐடியா. முதல் இரண்டும் ஜூலை 3 முதல், மூன்றாவது ஜூலை 4 முதல். ஜியோவில் 239 ஆக இருந்த திட்டம் 299, ஏர்டெல்லில் 265 ஆக இருந்தது 299, வோடபோன் ஐடியாவில் 269 ஆக இருந்ததும் 299. உள்ளே இருக்கும் டேட்டா அளவு வேறு, விலை மட்டும் ஒன்று. ரகசியக் கூட்டம் போட்டார்கள் என்று நான் சொல்லவில்லை, அதற்குத் தேவையே இல்லை. ஆட்டத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் பேர் என்றால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் ஏற்றினால் மற்றவருக்கும் ஏற்றுவது லாபம், ஒருவர் இறக்கினால் எல்லாரும் இறக்கியாக வேண்டும். 2016-இல் ஜியோ நுழைந்தபோது கட்டணம் சரிந்தது அப்படித்தான். இதுதான் சில்லோர் முற்றுரிமை. நான்காவதாக ஒருவர் வர கோணி போதாது, அலைக்கற்றை ஏலம் எடுக்க வேண்டும், ஊர் ஊராக டவர் போட வேண்டும். பிஎஸ்என்எல் இருக்கிறதே என்றால், இருக்கிறது, பலர் மாறவும் செய்தார்கள். என் வீட்டுக்குள் சிக்னல் வந்தால் நானும் மாறுவேன்.

"அந்த ஏழு பேரும் பேசி வைத்துக்கொண்டு ஏற்ற மாட்டார்களா?" என்று அந்தப் பதிவின் கீழேயே ஒருவர் கேட்டிருந்தார். காலையில் பேசலாம். சாயங்காலம் என்ன செய்வார்கள்? என் அம்மா பதினோரு வருஷம் காய்கறி விற்றவர். ஆறு மணிக்கு மேல் தக்காளியை ஒவ்வொன்றாக எடுத்து, கட்டைவிரலால் காம்புப் பக்கம் அழுத்திப் பார்ப்பார். லேசாக உள்ளே போனால் அது நாளைக்கு நிற்காது, தனிக் கூறு. பக்கத்துக் கூடைக்காரர் 30 என்று குரல் கொடுத்த நிமிஷமே அம்மாவும் 30-க்கு இறங்கியாக வேண்டும். மிச்சம்தான் எங்கள் வீட்டு ரசம். அந்த அம்மாவைப் போய் மோனோபோலி என்றால் எனக்கு வலிக்காதா?

கரண்ட்டும் ஏகபோகம்தானே என்றார் ஒருவர். ஆமாம். ஒரே தெருவில் இரண்டு கம்பெனி தனித்தனியாகக் கம்பம் நட்டால் கட்டுப்படியாகாது, அதனால்தான் அதன் கட்டணத்துக்கு ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. மண்டியில் கமிஷன்காரர்கள் கொஞ்சம் பேர்தான், அங்கே விவசாயிக்குப் பேர சக்தி இல்லை என்று இன்னொருவர் எழுதியதும் சரி, ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கோபமும் மண்டி மேல் போகட்டும், கூடை மேல் வேண்டாம்.

299 ரூபாயை ஒரு வார்த்தை பேசாமல் ரீசார்ஜ் செய்துவிட்டு, அதே கையோடு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி அந்த அக்காவிடம் பேரம் பேசுகிறோம். சனிக்கிழமைப் பதிவை எடுத்துவிடுங்கள் என்று இன்பாக்ஸில் சொன்னார்கள். எடுக்க மாட்டேன்.