டிஸ்சார்ஜ் சீட்டில் ‘பிரஷர்’ என்றே எழுதலாம்

டிஸ்சார்ஜ் சம்மரியை எழுதுகிறவர் டூட்டி டாக்டர். அடுத்துப் படிக்கப்போகிறவரும் ஒரு டாக்டர்தான் என்ற நினைப்பில் எழுதுகிறார். ஆனால் அன்று ராத்திரியே அதைக் கையில் வைத்துக்கொண்டு எந்த மாத்திரை எப்போது என்று தேடுவது வீட்டில் இருக்கிற மகளோ மருமகளோதான்.

வழக்கமாக வரும் ஒரு சீட்டை எடுத்துக்கொள்வோம். 58 வயது அம்மா. நிமோனியாவுக்காகச் சேர்ந்து, தேறி, வீட்டுக்குப் போகிறார். மூன்று வருஷமாகப் பிரஷர் உண்டு, மாத்திரையை ஒழுங்காகப் போட்டதில்லை. சீட்டு இப்படி இருக்கும்: “கே/சி/ஓ எஸ்.எச்.டி.என், இர்ரெகுலர் ட்ரீட்மென்ட். பி.பி. கன்ட்ரோல்டு. ஆன்டிபயாடிக் 1-0-1 × 5 நாள். அம்லோடிபின் 5 மி.கி. 1-0-0 × 15 நாள். டெல்மிசார்டான் 40 மி.கி. 0-0-1 × 15 நாள். சால்ட் ரெஸ்ட்ரிக்டட் டயட். ரிவ்யூ எஸ்.ஓ.எஸ்.”

முதலில் நோயின் பெயர். எஸ்.எச்.டி.என் என்பது சிஸ்டமிக் ஹைப்பர்டென்ஷன். குடும்பத்தில் யாராவது அதை விரித்துப் படித்தால் கண்ணில் படுவது ‘டென்ஷன்’ மட்டும்தான். “அம்மாவுக்கு டென்ஷன் ஆகக்கூடாதாம்” என்று சீரியல் சத்தத்தைக் குறைப்பார்கள். மாத்திரை பின்னுக்குப் போய்விடும். ‘ரத்தக் கொதிப்பு’ என்று எழுதினால் வேறொரு சிக்கல். கொதித்தால் தெரியும்தானே, தலை சுற்றும், முகம் சிவக்கும், அப்போது போட்டால் போதும் என்று நினைக்க வைக்கிறது அந்தச் சொல். இந்த நோயோ பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. ‘உயர் ரத்த அழுத்தம்’ பிழையில்லாத சொல்தான், ஆனால் சுவரொட்டித் தமிழ். ‘மன அழுத்தம்’ பக்கத்திலேயே நிற்பதால் அந்தக் குழப்பமும் உண்டு. இலங்கையில் ‘உயர் குருதி அமுக்கம்’ என்று அச்சிடுவார்கள். வீட்டுக்குள் போனால் அங்கேயும் பிரஷர்தான். எனவே என் கட்சி இது: “பிரஷர் (ரத்த அழுத்தம்) அதிகமாக இருக்கும் நோய். வலி, தலைச்சுற்றல் இல்லாவிட்டாலும் இருக்கும்.” இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிட்டால் முதல் வாக்கியத்தால் பெரிய பயன் இல்லை.

(சில சீட்டுகளில் ‘எசென்ஷியல் ஹைப்பர்டென்ஷன்’ என்று இருக்கும். ‘அவசியமான பிரஷர்’ என்று யாரும் அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம். தனியான ஒரு காரணம் என்று சுட்டிக்காட்ட முடியாத பிரஷர், அவ்வளவுதான். பெரும்பாலானவர்களுக்கு இருப்பது அதுதான். ‘மேலிக்னன்ட் ஹைப்பர்டென்ஷன்’ என்பதும் புற்றுநோய் இல்லை. பிரஷர் மிக அதிகமாகி கண், சிறுநீரகம் போன்ற உறுப்புகளைத் தாக்கும் அவசர நிலை.)

பெயரைவிட அதிகம் கெடுப்பது ‘கன்ட்ரோல்டு’ என்ற சொல். டாக்டருக்கு அதன் அர்த்தம் மாத்திரையால் அடங்கியிருக்கிறது என்பது. வீட்டில் அதன் அர்த்தம் சரியாகிவிட்டது. கூடவே ‘× 15 நாள்’ வேறு. ஒரே தாளில், ஒரே மாதிரி எழுத்தில், ஆன்டிபயாடிக்குக்கு ‘× 5 நாள்’ என்றால் அதோடு நிறுத்து. பிரஷர் மாத்திரைக்கு ‘× 15 நாள்’ என்றால் இப்போதைக்கு இவ்வளவு வாங்கிக்கொள், தீர்வதற்குள் வந்து பார், நிறுத்தாதே. இந்த வித்தியாசம் எழுதுகிறவர் மனசில் இருக்கிறது, தாளில் இல்லை. பதினாறாம் நாள் அம்மாவுக்கு மாத்திரை கிடையாது. உடம்பு நன்றாகத்தான் இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. பிரஷர் சத்தமில்லாமல் மேலே ஏறிக்கொண்டிருக்கும். அம்லோடிபினை நிறுத்தினால் மெதுவாகத்தான் ஏறும். மெட்டோப்ரோலால், குளோனிடின் மாதிரி மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு முன்பிருந்ததைவிட மோசமாக எகிறும்.

எழுத வேண்டியது இப்படி: “மாத்திரை போடுவதால் பிரஷர் இப்போது 130/80-ல் இருக்கிறது. நிறுத்தினால் மறுபடி ஏறும். 15 நாளுக்கான மாத்திரை கொடுத்திருக்கிறோம். தீர்வதற்குள் வந்து அடுத்ததை வாங்கிக்கொள்ளவும். டாக்டர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம்.”

அந்த ‘ரிவ்யூ எஸ்.ஓ.எஸ்’ஸையும் எடுத்துவிடலாம். தேவைப்பட்டால் வாருங்கள் என்பது அதன் பொருள். பிரஷருக்கு அது பொருந்தாது, தேவைப்படுவது வெளியே தெரியாதே! தேதி போடுங்கள். ‘உடனே வரவேண்டியது எப்போது’ என்பதைத் தனியாக எழுதுங்கள்: நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் வலுவிழப்பது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது, திடீரென்று பார்வை மங்குவது. இதில் எது வந்தாலும் பிரஷர் மெஷினைத் தேடாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். இவை எதுவும் இல்லாமல் வீட்டு மெஷின் 180/120-க்கு மேல் காட்டினால் ஐந்து நிமிஷம் உட்கார வைத்து மறுபடி பார்த்து, அப்போதும் அப்படியே இருந்தால் அன்றே டாக்டரிடம் பேச வேண்டும். பதறிப்போய் இன்னொரு மாத்திரையைச் சேர்த்துப் போடக்கூடாது. பிரஷர் சட்டென்று சரிந்தாலும் ஆபத்துதான்.

‘சால்ட் ரெஸ்ட்ரிக்டட் டயட்’ என்பதை ‘உப்பைக் குறைக்கவும்’ என்று எழுதினாலும் பாதிதான் போய்ச் சேரும். “எங்க வீட்ல உப்பு கம்மிதான் டாக்டர்” என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். அளவு எழுதுங்கள்: ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக, எல்லா வேளைக்கும் சேர்த்து. நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு மாதம் 600 கிராம் வருகிறது. சமையலுக்கு மட்டுமே ஒரு கிலோ பாக்கெட் மாதத்துக்குள் காலியானால் அளவு மீறுகிறது என்று அந்த மருமகளே கண்டுபிடித்துவிடுவார். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் இவற்றில் இருக்கிற உப்பு இந்தப் பாக்கெட் கணக்கில் வராது, ஆனால் அந்த 5 கிராமுக்குள் அதுவும் அடக்கம். இந்துப்புக்கு மாறுவதால் லாபம் இல்லை, அதிலும் பெரும்பகுதி அதே சோடியம் உப்புதான். சோடியம் குறைந்தது என்று விற்கிற உப்பில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். டெல்மிசார்டான் சாப்பிடுகிறவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடலாம். டாக்டரைக் கேட்காமல் அதை வாங்க வேண்டாம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

மாத்திரைப் பெயரில் இன்னொரு பொறி இருக்கிறது. பல சீட்டுகளில் கம்பெனிப் பெயர் இருக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் வீட்டுக்கே வந்தோ கொடுப்பதில் அம்லோடிபின் என்ற மருந்தின் பெயர். இரண்டும் வேறு மாத்திரை என்று நினைத்து இரண்டையும் போட்டால் 5 மி.கி. 10 ஆகிறது. கால் வீங்கும், “கிட்னி போச்சோ” என்று பயந்து ஓடி வருவார்கள். (சிலருக்குச் சரியான அளவிலேயே கணுக்கால் வீங்கும், அதையும் முன்கூட்டியே எழுதிவிட்டால் பயம் குறையும், தாங்களாக நிறுத்துவதும் குறையும்.) மருந்தின் பெயரை எழுதி, பக்கத்தில் ‘பிரஷருக்கு, காலையில் ஒன்று’ என்று போட்டால் போதும். 1-0-0 என்பதை எல்லோருக்கும் தெரிந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இத்தனையையும் எழுத நேரம் எங்கே என்று டூட்டி டாக்டர் கேட்பது நியாயம்தான். இன்ஷூரன்ஸுக்கும் அடுத்த ஆஸ்பத்திரிக்கும் ஆங்கிலச் சம்மரி வேண்டும், அதில் கை வைக்கச் சொல்லவில்லை. பிரஷருக்கென்று அரைப் பக்கம் தமிழில் அச்சடித்து வைத்துக்கொண்டால், நிரப்ப வேண்டியது பிரஷர் அளவு, மாத்திரைகள், அடுத்து வரவேண்டிய தேதி, பகலில் கூப்பிட ஒரு போன் நம்பர் மட்டும்தான். ஸ்டாஃப் நர்ஸ் நிரப்பலாம், டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடலாம். கொடுக்கும்போது “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். “பதினஞ்சு நாள் மாத்திரை தீர்ந்ததும் என்னம்மா பண்ணுவீங்க?” என்று கேளுங்கள். அந்தத் தாளை ஃபைலுக்குள் சொருக வேண்டாம், ஃபைல் நேராக பீரோவுக்குப் போய்விடும். மாத்திரைக் கவரோடு சேர்த்து பின் அடித்துக் கொடுங்கள்.